நிலை 4 என்று ரிப்போர்ட், ஆனால் நாய் பந்து விரட்டுகிறது: கீமோவை எதை வைத்து முடிவு செய்வது?

செம்பிவீடு (இழையைத் தொடங்கியவர்)

வணக்கம். செம்பி, பெண் லாப்ரடார், 7 வயது, 28 கிலோ. குளிப்பாட்டும்போது தாடைக்குக் கீழே இரண்டு பக்கமும் நெல்லிக்காய் மாதிரி கட்டி தட்டுப்பட்டது. தொட்டால் வலியில்லை. முதலில் பார்த்த டாக்டர் பல் சீழால் நெறி கட்டியிருக்கிறது என்று 10 நாள் மருந்து கொடுத்தார். கட்டி கொஞ்சம் வற்றியது, மருந்து முடிந்த ஒரு வாரத்தில் இரண்டு மடங்காகத் திரும்பியது. தோள்பட்டைக்கு முன்னாலும் முழங்காலுக்குப் பின்னாலும் புதிதாக வந்தது.

வேறு டாக்டரிடம் போனோம். முழங்காலுக்குப் பின்னால் உள்ள நிணநீர் முடிச்சில் ஊசி போட்டு எடுத்தார்கள். ரிப்போர்ட்: பெரிய செல் லிம்போமா, அதாவது நிணநீர்ப் புற்று. ஸ்கேனில் மண்ணீரல் தேன்கூடு மாதிரி தெரிந்தது, அங்கேயும் ஊசி போட்டதில் அதே செல்கள். மார்பு எக்ஸ்ரே சுத்தம். கால்சியம் 10.4. கடைசி வரி: "நிலை 4, துணைநிலை அ".

நிலை 4 என்றதும் வீட்டில் எல்லோரும் அழுதுவிட்டோம். செம்பி அந்த நேரத்தில் பந்தை வாயில் வைத்துக்கொண்டு என் காலடியில் நின்றாள். புற்று பி செல் வகையா டி செல் வகையா என்று இன்னொரு பரிசோதனை வந்த பிறகுதான் கீமோ முறையைச் சொல்வேன் என்கிறார் டாக்டர். இதற்காக நாள் கடத்தலாமா? நிலை 4 என்றால் முடிந்தது என்றுதானே அர்த்தம்?

---

வேட்டைக்காரன்77

வருத்தமாக இருக்கிறது தோழர். என் சித்தப்பாவுக்கு நிலை 4, மூன்று மாதம்கூட இல்லை. உறுப்புக்குப் பரவியது பரவியதுதான். பி, டி எதுவாக இருந்தாலும் எல்லா நாய்க்கும் சாப் என்ற கீமோ முறைதான் கொடுக்கிறார்கள், நான் படித்திருக்கிறேன். அந்தப் பரிசோதனை வீண் செலவு. ஒன்று நாளைக்கே ஆரம்பியுங்கள், இல்லையென்றால் ஸ்டீராய்டு மாத்திரை கொடுத்து நிம்மதியாக வைத்திருங்கள்.

---

ஊசிமுனை (கால்நடை மருத்துவர்)

வேட்டைக்காரன், நல்ல எண்ணத்தில்தான் சொல்கிறீர்கள், ஆனால் மூன்று விஷயம் கலந்துபோயிருக்கிறது.

இங்கே நிலை 4 என்பது உங்கள் சித்தப்பாவுக்கு வந்த மாதிரி ஓர் உறுப்பில் முளைத்த கட்டி இன்னோர் உறுப்புக்குப் போனதைச் சொல்வது அல்ல. லிம்போமா பிறக்கும்போதே ஊர்சுற்றும் செல். நாயின் லிம்போமாவில் ஒரே ஒரு முடிச்சு என்றால் 1, உதரவிதானத்துக்கு ஒரு பக்கம் மட்டும் உள்ள முடிச்சுகள் என்றால் 2, உடம்பு முழுக்க முடிச்சு என்றால் 3, கல்லீரலோ மண்ணீரலோ சேர்ந்தால் 4, ரத்தமோ எலும்பு மஜ்ஜையோ மற்ற உறுப்போ என்றால் 5. நம்மிடம் வரும் பெரும்பாலான நாய்கள் 3, 4, 5 ஆகத்தான் வருகின்றன. 1, 2 பார்ப்பதே அபூர்வம்.

செம்பியையே எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்கேன் மேஜையில் படுக்கும் முன் அவள் நிலை 3. அரை மணி நேரம் கழித்து இறங்கும்போது நிலை 4. இடையில் அவள் உடம்பில் எதுவும் மாறவில்லை, நாம் பார்த்தது மட்டும்தான் கூடியது. தேடத் தேட நிலை ஏறும். அதனால்தான் 3க்கும் 4க்கும் நடுவில் ஆயுள் கணக்கில் பெரிய வித்தியாசம் காண்பதில்லை. மஜ்ஜை நிறைய செல் புகுந்து, சிவப்பணுவும் தட்டணுவும் இறங்கிப்போன நிலை 5 வேறு கதை.

அந்த ரிப்போர்ட்டில் நான் முதலில் பார்ப்பது எண்ணை அல்ல, பக்கத்தில் இருக்கும் "அ"வை. உடம்பு சுகமாக இருக்கும் நாய் அ. சாப்பிடாமல், இளைத்து, காய்ச்சலோடு, வாந்தியோடு வருவது ஆ. நிலை 3 ஆவை விட நிலை 4 அ எனக்குத் தைரியம் தரும்.

ஸ்டீராய்டைப் பற்றித் தனியாகச் சொல்கிறேன். இப்போதைக்கு ஒன்று: கீமோ கொடுக்கும் எண்ணம் கொஞ்சமாவது இருந்தால் அந்த மாத்திரையைத் தொடாதீர்கள்.

---

தாமரைக்குளம்

செம்பிவீடு அக்கா, பயப்படாதீர்கள். எங்கள் கோல்டன் ரெட்ரீவருக்கும் லிம்போமாதான். 10 வயதில் கண்டுபிடித்தார்கள், இப்போது 13. ஒரு கீமோ ஊசிகூடப் போடவில்லை. தினம் ஒரு சின்ன மாத்திரை, அவ்வளவுதான். இந்த ஊசி, மருந்து என்று நாயைப் பாடாய்ப் படுத்துவதைவிடச் சும்மா விட்டாலே நன்றாக இருக்கும் என்பது எங்கள் அனுபவம்.

---

கண்ணாடிச்சில்லு (பரிசோதனைக்கூடம்)

தாமரைக்குளம் அம்மா, உங்கள் ரிப்போர்ட்டில் என்ன எழுதியிருந்தது? செல் பெரியதா சின்னதா?

---

தாமரைக்குளம்

தேடிப் பார்த்தேன். "சிறிய செல், டி-மண்டல லிம்போமா, மெதுவாக வளரும் வகை". ஒரு முடிச்சை முழுசாக அறுத்து எடுத்து அனுப்பினார்கள்.

---

கண்ணாடிச்சில்லு

அதுதான் நினைத்தேன். பெயர் ஒன்று, நோய் வேறு. நான் ஸ்லைடு படிக்கிறவன், மருத்துவன் இல்லை. மைக்ராஸ்கோப்பில் தெரிவதை மட்டும் சொல்கிறேன்.

நிணநீர் முடிச்சு ஸ்லைடில் எனக்கு அளவுகோல் சிவப்பணுதான். நல்ல முடிச்சில் பெரும்பாலானவை சின்ன லிம்போசைட்டுகள், உட்கரு ஒரு சிவப்பணுவைவிடக் கொஞ்சம்தான் பெரியது, கருத்து அடர்ந்து இருக்கும். செம்பி மாதிரி ஸ்லைடை வைத்தால் கண்ணில் அறைகிறது: உட்கரு இரண்டு சிவப்பணு அகலத்துக்கும் மேல், உள்ளே உட்கருமணி பளிச்சென்று, சுற்றிலும் ஆழ்ந்த நீலத்தில் மெல்லிய விளிம்பு, நடுநடுவே இரண்டாகப் பிரிந்துகொண்டிருக்கும் செல். பாதிக்கு மேல் இப்படி இருந்தால், அதுவும் எல்லாம் ஒரே அச்சில் வார்த்தது மாதிரி இருந்தால், தயங்காமல் லிம்போமா என்று எழுதுவேன்.

தாமரைக்குளம் நாயின் ஸ்லைடு அப்படி இருந்திருக்காது. சின்னதும் நடுத்தரமுமான செல்கள், சிலதற்கு ஒரு பக்கம் வால் நீண்டு கைப்பிடிக் கண்ணாடி மாதிரி இருக்கும். அதை வைத்து மட்டும் நோய் என்றும் சொல்ல முடியாது, இல்லை என்றும் சொல்ல முடியாது. அதனால்தான் முடிச்சையே அறுத்து அனுப்பச் சொல்லியிருப்பார்கள். ஃப்ளோ சைட்டோமெட்ரியிலும் பிடிபடும், அந்த செல்கள் சிடி45 என்ற அடையாளத்தைத் தொலைத்திருக்கும். கோல்டனில் இது அதிகம். பல வருஷம் ஓடும். ஆனால் பெரிய செல்லைச் சும்மா விட்டால் பெரும்பாலும் 4 முதல் 6 வாரம்.

இன்னொன்று, தாடைக்குக் கீழே ஊசி போடாமல் முழங்காலுக்குப் பின்னால் போட்ட டாக்டருக்கு ஒரு சபாஷ். தாடை முடிச்சு வாயின் அழுக்கையெல்லாம் வாங்கும் இடம், பல் கெட்ட நாயில் அங்கே எப்போதும் ஏதாவது கிளர்ந்துதான் இருக்கும். அதைப் படித்து ஏமாந்தவர்கள் நிறைய.

---

தாமரைக்குளம்

ஐயோ, நான் தப்பாக வழிகாட்டிவிட்டேனே அக்கா. மன்னியுங்கள்.

---

செம்பிவீடு

பரவாயில்லை, நீங்கள் சொன்னதால்தான் எனக்கே வித்தியாசம் புரிந்தது.

ஊசிமுனை டாக்டர், ஸ்டீராய்டு என்று சொன்னதும் வயிறு கலங்குகிறது. முதல் டாக்டர் கொடுத்த 10 நாள் மருந்தில் ஆன்டிபயாட்டிக்கோடு ஒரு சின்ன வெள்ளை மாத்திரையும் இருந்தது. அட்டையை இப்போது எடுத்துப் பார்த்தேன். பிரெட்னிசலோன். 6 நாள் கொடுத்திருக்கிறோம்.

---

ஊசிமுனை

கட்டி வற்றியது அதனால்தான். ஆன்டிபயாட்டிக் செய்த வேலை அல்ல.

பிரெட்னிசலோன் லிம்போமா செல்லை உண்மையாகவே கொல்லும், அதுதான் சிக்கல். எளிதில் சாகிறவை செத்துவிடும், மிஞ்சியவை மருந்தை வெளியே தள்ளப் பழகியவையாக இருக்கும். அப்படி வெளியே தள்ளும் பம்பு ஒன்று செல்லின் சவ்வில் இருக்கிறது, அதே பம்புதான் வின்கிரிஸ்டினையும் டாக்ஸோரூபிசினையும் தள்ளுகிறது. ஸ்டீராய்டை மட்டும் முன்னதாக வாங்கிய நாய்களில் பிறகு கொடுக்கும் கீமோ நிற்கும் காலம் குறைகிறது என்பது நாங்கள் பார்ப்பதுதான். இரண்டாவது பாதிப்பு, பரிசோதனையே குழம்பும். ஸ்டீராய்டு ஓடும்போது ஊசி போட்டால் உடைந்த செல்லும் வெறும் நீலத் துணுக்கும்தான் வரும்.

ஆறு நாள் எவ்வளவு கெடுக்கும் என்றால், நான் பெரிதாகப் பயப்பட மாட்டேன். வாரக்கணக்கில் கொடுத்த நாய்தான் கவலை. ஆனால் உங்கள் டாக்டரிடம் கட்டாயம் சொல்லுங்கள், அட்டையையும் கொண்டுபோங்கள்.

---

நாலுகால்நேசன்

நானும் ஒரு மருத்துவமனையில் கீமோ பிரிவில் இருக்கிறேன். ஊசிமுனை சாரோடு இதில் கொஞ்சம் மாறுபடுகிறேன். 6 நாள் பாதுகாப்பு, 14 நாள் ஆபத்து என்று கோடு போட நம்மிடம் ஆதாரம் இல்லை. கொடுத்தாகிவிட்டது என்றால் கீமோவைத் தள்ளிப்போடாமல் ஆரம்பிப்பதுதான் செய்யக்கூடியது.

---

ஊசிமுனை

கோடு இல்லை என்பது சரி. என்னுடையது அனுபவக் கணிப்புதான். தள்ளிப்போடாமல் என்பதிலும் உடன்படுகிறேன், ஆனால் பி, டி தெரிய ஆகும் சில நாளைத் தள்ளிப்போடுவதாக நான் எண்ண மாட்டேன். அந்தச் சில நாளில் நாய் மூச்சு வாங்கினால், சாப்பாட்டை நிறுத்தினால் காத்திருக்க வேண்டாம். பி, டி இரண்டுக்கும் பொருந்தும் முதல் ஊசியைப் போட்டுவிட்டு ரிப்போர்ட் வந்ததும் திசை மாற்றலாம்.

---

பூனைக்காரி

குறுக்கே கேட்கிறேன். கால்சியம் கூடினால் டி வகை என்று படித்தேன். அப்படியானால் பால், எலும்பு நிறுத்தினால் டி வகை வராமல் தடுக்கலாமா? எங்கள் நாய்க்கு தினம் எலும்பு உண்டு.

---

ஊசிமுனை

காரணமும் விளைவும் தலைகீழாகிவிட்டது. சாப்பாட்டுக் கால்சியத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. சில டி செல் லிம்போமாக்கள் பாராதைராய்டு ஹார்மோனைப் போல நடிக்கும் ஒரு புரதத்தைச் சுரக்கின்றன. அது எலும்பிலிருந்து கால்சியத்தை உருவி ரத்தத்தில் விடுகிறது. நாய் குடம் குடமாகத் தண்ணீர் குடிக்கும், வீட்டுக்குள்ளேயே சிறுநீர் கழிக்கும், சிறுநீரகம் அடிபடும். மார்பின் நடுவில் கட்டியும் சேர்ந்திருந்தால் டி என்ற சந்தேகம் வலுக்கும். செம்பிக்குக் கால்சியம் சரி, மார்பும் சுத்தம். அது பி பக்கம் கைகாட்டுகிறது, ஆனால் நிரூபணம் இல்லை.

---

வேட்டைக்காரன்77

சரி, நிலை விஷயத்தில் தப்புதான். ஆனால் பி, டி கண்டுபிடிக்க பிசிஆர் பரிசோதனை ஒன்று போதுமே? அது டிஎன்ஏவையே பார்க்கிறது, தப்பே வராது என்கிறார்கள்.

---

கண்ணாடிச்சில்லு

தப்பு வரும். நீங்கள் சொல்லும் பிசிஆரை நாங்கள் "பார்" பரிசோதனை என்போம். அது, இந்தச் செல்கள் எல்லாம் ஒரே தாய்ச் செல்லின் வாரிசுகளா என்று பார்ப்பது. லிம்போமாவா, வெறும் கிளர்ச்சியா என்று திணறும்போது கைகொடுக்கும். ஆனால் உண்ணியால் வரும் எர்லிக்கியா தொற்றிலும் லிம்போசைட்டுகள் ஒரே வாரிசாகப் பெருகி நம்மை ஏமாற்றலாம். அப்புறம், பி செல் புற்று சில சமயம் டி ஏற்பியின் மரபணுவையும் மாற்றி அடுக்கி வைத்திருக்கும். வகை சொல்ல அது நம்பகமான வழியல்ல.

செம்பிக்கு ஏற்கெனவே லிம்போமா என்று ஸ்லைடே சொல்லிவிட்டது. வகைதான் வேண்டும். செல்லின் அடையாளங்களுக்கு நிறமேற்றிப் பார்ப்போம்: சிடி3 நிறம் ஏற்றால் டி, சிடி79ஏ அல்லது சிடி20 ஏற்றால் பி. அதற்கு நிறமேற்றாத, காற்றில் உலர்ந்த ஸ்லைடு நாலைந்து இருந்தால் போதும். பயாப்ஸி போட்ட ஃபார்மலின் பாட்டிலோடு ஒரே பையில் அனுப்பிவிடாதீர்கள். மூடியிருந்தாலும் அந்த ஆவியே ஸ்லைடைக் கெடுத்துவிடும், செல் எல்லாம் பச்சையடித்த மாதிரி மங்கிவிடும். மாதத்துக்கு ஒரு பார்சலாவது இப்படி வருகிறது.

---

செம்பிவீடு (5 நாள் கழித்து)

ரிப்போர்ட் வந்தது. சிடி79ஏ பாசிட்டிவ், சிடி3 நெகட்டிவ். பி வகை. 19 வார சாப் என்று டாக்டர் முடிவு செய்திருக்கிறார். டி ஆக இருந்திருந்தால் என்ன செய்திருப்பார் என்று கேட்க மறந்துவிட்டேன்.

---

ஊசிமுனை

நல்ல செய்தி. சாப்பின் கணக்கு எளிது. முதல் வாரம் வின்கிரிஸ்டின், இரண்டாம் வாரம் சைக்ளோபாஸ்பமைட், மூன்றாம் வாரம் மறுபடி வின்கிரிஸ்டின், நான்காம் வாரம் டாக்ஸோரூபிசின், ஐந்தாம் வாரம் ஓய்வு. இப்படி நான்கு சுற்று, மொத்தம் 16 மருந்து. பிரெட்னிசலோன் முதல் நான்கு வாரம் மட்டும், வாரா வாரம் குறைத்துக்கொண்டே வந்து நிறுத்துவோம். ஆமாம், அதே வெள்ளை மாத்திரைதான். கூட்டத்தோடு வந்தால் நண்பன், தனியே வந்தால்தான் தொல்லை.

பெரிய செல் டி ஆக இருந்திருந்தால் இதே சாப்பிலும் கட்டி குறைந்திருக்கும், ஆனால் சீக்கிரம் திரும்பியிருக்கும். டி செல்லுக்கு டாக்ஸோரூபிசின் அவ்வளவு எடுபடுவதில்லை. அதனால் லோமுஸ்டின், புரோகார்பசின் சேர்ந்த முறைகளுக்குப் பலர் போகிறார்கள். "எல்லாவற்றுக்கும் சாப்" என்பதில் பாதி உண்மை இருக்கிறது, மறுபாதிக்காகத்தான் உங்கள் டாக்டர் காத்திருந்தார்.

எதிர்பார்ப்பு: பி வகை, துணைநிலை அ என்றால் பத்தில் எட்டு ஒன்பது நாய்க்கு முடிச்சுகள் கையில் தட்டுப்படாத அளவு வற்றிவிடும். நடு ஆயுள் சுமார் ஒரு வருஷம். அதாவது பாதி நாய்கள் அதற்கு முன்பே போகும், பாதி அதைத் தாண்டும். நாலில் ஒன்றோ ஐந்தில் ஒன்றோ இரண்டு வருஷத்தைத் தொடும். குணமாகிவிடும் என்று நான் யாரிடமும் சொல்வதில்லை. ஸ்டீராய்டு மட்டும் என்றால் ஓரிரு மாதம்.

---

குட்டிப்பையன்அம்மா

எங்கள் குட்டிப்பையன் டாஷ்ஹண்ட், 9 கிலோ, அவனுக்கும் பி வகைதான். வாரா வாரம் அழைத்துப்போக முடியாததால் மூன்று வாரத்துக்கு ஒருமுறை டாக்ஸோரூபிசின் மட்டும், ஐந்து தடவை. ஏழு மாதம் நன்றாக இருந்தான். ஒரு சந்தேகம், பெரிய நாய்க்கு உடல் பரப்பு கணக்கு, இவனுக்குக் கிலோ கணக்கு என்றார்கள். ஏன்?

---

நாலுகால்நேசன்

டாக்ஸோரூபிசின் ஒரு சதுர மீட்டருக்கு 30 மில்லிகிராம். செம்பியின் 28 கிலோவுக்குப் பரப்பு 0.93 சதுர மீட்டர், ஆக 28 மில்லிகிராம். குட்டிப்பையனின் 9 கிலோவுக்கு அதே கணக்கில் பரப்பு 0.44, மருந்து 13 மில்லிகிராம் வரும். சின்ன நாய்க்கு எடைக்கு ஒப்பிட்டால் பரப்பு அதிகம், அதனால் அளவு எகிறிவிடும், வெள்ளையணு சரிந்து நாய் படுத்துவிடும். கிலோவுக்கு 1 மில்லிகிராம் என்றால் 9தான். எந்த எடைக்குக் கீழே மாற்றுவது என்பதில் 10, 15 என்று ஆளுக்கொரு பழக்கம்.

தனி டாக்ஸோரூபிசின் சாப்பை விடக் கொஞ்சம் குறைவுதான், ஆனால் ஐந்து நாள் மருத்துவமனை, பதினாறு நாள் அல்ல. கார் ஏறினாலே நடுங்கும் நாய்க்கு நான் அதைத்தான் சொல்வேன்.

---

ஊசிமுனை

நான் சொல்ல மாட்டேன், இளம் வயது, பி வகை, துணைநிலை அ என்றால் சாப்தான் முதலில். இதில் நாங்கள் இருவரும் ஒத்துப்போன நாள் இல்லை.

---

செம்பிவீடு (இரண்டாம் வாரம்)

முதல் வின்கிரிஸ்டின் போட்டு நான்காம் நாளே தாடைக் கட்டியைக் காணோம்! முழங்கால் முடிச்சு 4 செ.மீ. இருந்தது, இப்போது 1.5. ஆனால் இன்று ரத்தம் பார்த்ததில் நியூட்ரோபில் என்ற வெள்ளையணு 1,100. சைக்ளோபாஸ்பமைட் போடாமல் ஒரு வாரம் தள்ளிவிட்டார்கள். அந்த ஒரு வாரத்தில் நோய் திரும்பிவிடாதா? நேற்று ஒரு வேளை சாப்பிடவும் இல்லை. இனி அவள் "அ" இல்லை "ஆ"வா?

---

நாலுகால்நேசன்

துணைநிலை சிகிச்சைக்கு முன் நாய் எப்படி வந்தது என்பதைச் சொல்வது. மருந்துக் குமட்டலுக்காக அதை மாற்றுவதில்லை. 1,500க்குக் கீழே என்றால் பலரும் தள்ளுவார்கள், ஒரு வாரத்தில் ஏறிவிடும். அந்த எண் பயம் இல்லை, காய்ச்சல்தான் பயம். வீட்டில் தெர்மாமீட்டர் வைத்துக்கொள்ளுங்கள். 103 பாரன்ஹீட்டைத் தாண்டி, சோர்ந்து படுத்தால் காலைவரை காத்திருக்காமல் உடனே தூக்கிக்கொண்டு ஓடுங்கள்.

---

வேட்டைக்காரன்77

ஒரே ஊசிக்கு இவ்வளவு இறங்கியது, கோலி இன நாய்களுக்கு இருக்கும் அந்த மரபணுக் கோளாறாக இருக்குமோ? இதையாவது சரியாகப் படித்தேனா?

---

ஊசிமுனை

இந்தத் தடவை சரியான கேள்வி. கோலி இன நாய்களில், மருந்தை வெளியே தள்ளும் என்று முன்பு சொன்னேனே, அந்தப் பம்பின் மரபணுவே உடைந்திருக்கலாம். அது குடலையும் மூளையையும் காக்கும் பம்பு, உடைந்தால் சாதாரண அளவு வின்கிரிஸ்டினே விஷம். அந்த இனமும் அதன் கலப்பும் என்றால் முதல் ஊசிக்கு முன்பே பரிசோதனை செய்துவிட வேண்டும். லாப்ரடாரில் அதை முதலில் நினைக்க மாட்டேன். 1,100 என்பதும் அந்த அளவுக்கு விபரீதம் இல்லை. சில நூறுகளுக்கு விழுந்து, ரத்தக்கழிச்சலும் சேர்ந்திருந்தால் யோசித்திருப்பேன்.

---

கண்ணாடிச்சில்லு

மஜ்ஜை பார்க்கவே இல்லையே அக்கா? நியூட்ரோபில் மருந்தால் இறங்கியதா, மஜ்ஜையில் இடமில்லாமல் இறங்கியதா?

---

செம்பிவீடு

பார்க்கவில்லை. சிகிச்சைக்கு முன் ரத்த எண்ணிக்கை எல்லாம் சரியாக இருந்தது, முறையை மாற்றப்போவதில்லை, அதனால் மயக்கம் கொடுத்து மஜ்ஜை எடுக்க வேண்டாம் என்றார் டாக்டர்.

---

ஊசிமுனை

எண்ணிக்கை சரியாக இருந்தால் நானும் விட்டுவிடுவேன். அடுத்த வாரமும் ஏறவில்லை என்றால்தான் அந்தக் கேள்வி திரும்ப வரும்.

---

செம்பிவீடு (ஐந்தாம் வாரம்)

அடுத்த வாரம் 4,300க்கு ஏறியது, சைக்ளோபாஸ்பமைட் போட்டாயிற்று, அதற்கடுத்த வாரம் வின்கிரிஸ்டினும் ஆனது. முதல் டாக்ஸோரூபிசின் நாளைக்கு. இதயம் எக்கோ பார்த்துவிட்டார்கள். இந்த மருந்து நரம்புக்கு வெளியே கசிந்தால் கால் சதையே வெந்துவிடும் என்று படித்துவிட்டுத் தூக்கம் வரவில்லை.

---

நாலுகால்நேசன்

படித்தது உண்மைதான். அதற்காகவே அன்று புதிதாக, ஒரே குத்தில் ஏறிய ஊசிக்குழாயில் மட்டும்தான் போடுவோம். இரண்டாம் முறை குத்த வேண்டி வந்தால் அந்தக் காலையே விட்டுவிட்டு வேறு காலுக்குப் போய்விடுவோம். ஏறும் 20 நிமிடமும் ஒருவர் குழாயையே பார்த்துக்கொண்டிருப்பார். செம்பி துள்ளுகிறவள் என்பதை முன்கூட்டியே சொல்லுங்கள்.

---

செம்பிவீடு

சொல்கிறேன். இடது முன்னங்காலில் போன வாரம் ரத்தம் எடுத்த இடம் இன்னும் நீலமாக இருக்கிறது, வலது காலில் போடச் சொல்லிக் கேட்கிறேன். பந்தை எடுத்துப்போக விடுவார்களா தெரியவில்லை.

---

நாலுகால்நேசன்

பந்து வேண்டாம், பார்த்தால் எழுந்துவிடுவாள். தலையை மடியில் வைத்துக்கொள்ளுங்கள்.